பூமத்திய ரேகையில் சேமிக்க வெளிச்சம் இல்லை

1981ஆம் ஆண்டின் கடைசி நாள் சிங்கப்பூரில் இருபத்து மூன்றரை மணி நேரம்தான் நீடித்தது. டிசம்பர் 31 இரவு 11.30 ஆனதும் கடிகாரத்தை அரை மணி தள்ளி 12 ஆக்கிவிட்டார்கள். அதே இரவில் மலேசியத் தீபகற்பத்திலும் இதுவே நடந்தது. 1905இலிருந்து எண்ணிப் பார்த்தால், சிங்கப்பூரின் நேரத்தை அரசு மாற்றி அமைத்தது அது ஆறாவது முறை.

இத்தனைக்கும் அந்த ஊரில் பகலின் நீளம் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். மிக நீண்ட பகல் ஜூனில் 12 மணி 12 நிமிடம். மிகக் குறுகிய பகல் டிசம்பரில் 12 மணி 3 நிமிடம். ஒன்பது நிமிட வித்தியாசத்துக்காகக் கோடைக்கு ஒரு நேரம், குளிர்காலத்துக்கு ஒரு நேரம் என்று யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி, இலையுதிர் காலத்தில் பின்னே இழுக்கிறார்களே, அந்தப் பகலொளி சேமிப்பு நேரம் பூமத்திய ரேகையை ஒட்டிய நாடுகளில் அநேகமாக இல்லை. ஆனால் 'அநேகமாக' என்ற சொல்லுக்குள்தான் சுவாரசியம் இருக்கிறது. மலாயாவும் சரவாக்கும் இலங்கையும் அதை முயன்று பார்த்தவை. முயன்றபோது என்ன ஆனது என்று பார்த்தால், அது ஏன் அங்கே ஒட்டவில்லை என்பது பாடப்புத்தகப் படத்தைவிடத் தெளிவாகப் புரிகிறது.

முதலில் பகல் ஏன் மாறுவதில்லை என்பதைப் பார்த்துவிடுவோம். இருட்டறையில் ஒரு விளக்கை வைத்து, அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு பந்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பந்தில் சரிபாதி எப்போதும் வெளிச்சத்தில் இருக்கும், மறுபாதி இருட்டில். இப்போது பந்தின் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு வரைந்து, பந்தை எப்படி வேண்டுமானாலும் சாய்த்துப் பாருங்கள். அந்தக் கோட்டில் பாதி வெளிச்சத்திலும் பாதி இருட்டிலும்தான் விழும். சாய்வு எவ்வளவு ஆனாலும் இது மாறாது. பூமத்திய ரேகை அப்படிப்பட்ட இடுப்புக் கோடு. பூமி 23.4 டிகிரி சாய்ந்து சூரியனைச் சுற்றுவதால்தான் பருவங்கள் வருகின்றன. ஆனால் அந்தச் சாய்வால் இந்த ஒரு கோட்டின் பாதிப் பங்கீட்டை மட்டும் அசைக்க முடியாது. பந்தின் தலைப்பக்கம் ஒரு சிறிய வட்டம் வரைந்தால் கதை வேறு. தலை விளக்கை நோக்கிச் சாயும்போது அந்த வட்டத்தின் பெரும்பகுதி வெளிச்சத்தில் கிடக்கும். எதிர்ப்பக்கம் சாயும்போது பெரும்பகுதி இருட்டில். நார்வேக்காரர்களின் கோடையும் குளிர்காலமும் அந்த வட்டத்தில் இருக்கின்றன.

ரேகையிலிருந்து விலக விலக இந்த ஏற்றத்தாழ்வு எப்படிக் கூடுகிறது என்பதற்கு நம் ஊர்களே போதும். கன்னியாகுமரியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. சென்னையில் ஒன்றரை மணி. டெல்லியில் மூன்றரை மணிக்கு மேல். லண்டனுக்குப் போனால் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம்: ஜூன் பகல் பதினாறரை மணியைத் தாண்டும், டிசம்பர் பகல் எட்டு மணியைக்கூட எட்டாது.

பாதிக்குப் பாதி என்றால் சரியாகப் பன்னிரண்டு மணிதானே வர வேண்டும், சிங்கப்பூரில் ஏன் எப்போதும் பன்னிரண்டைத் தாண்டியே நிற்கிறது என்று ஒருவர் கேட்கலாம். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் தட்டாக இருப்பது ஒரு காரணம். அதன் மேல்விளிம்பு தெரிந்ததும் உதயம் என்கிறோம், மேல்விளிம்பு மறைந்தால்தான் அஸ்தமனம் என்கிறோம். இரண்டாவது காரணம் காற்று. அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையும் காற்று மண்டலம் ஒளியை வளைத்து மேலே இருப்பதுபோல் காட்டிவிடுகிறது. காலையில் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், மாலையில் அதேபோல். ஆகப் பூமத்திய ரேகையில் பகல் 12 மணி 7 நிமிடம்.

சூரியன் அங்கே அசையாமல் இருக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஜூனில் நேர்கிழக்கிலிருந்து இருபத்து மூன்று டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும். டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஜன்னல் வழியாக விழும் வெயில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவர் மாறிவிடும். ஆனால் உதிக்கும் இடம்தான் மாறுகிறதே தவிர உதிக்கும் வேளை அந்த அளவுக்கு மாறுவதில்லை. உயர்ந்த அட்சரேகைகளில் சூரியப் பாதை அடிவானத்தோடு சரிந்து சாய்வாக வெட்டுவதால், உதயப்புள்ளி வடக்கே நகர்ந்தால் நேரமும் முன்னே நகரும். பூமத்திய ரேகையில் சூரியன் அடிவானத்திலிருந்து செங்குத்தாக மேலேறுகிறது, செங்குத்தாகவே விழுகிறது. அதனால்தான் அங்கே அந்தி இருபது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. லண்டனில் ஜூன் மாதம் அஸ்தமனத்துக்குப் பிறகும் முக்கால் மணி நேரத்துக்கு வெளியே நின்று பந்து விளையாடலாம்.

இனி பகலொளி சேமிப்பு. இதை 1907இல் பிரிட்டனில் துண்டுப் பிரசுரம் போட்டுப் பரப்பியவர் வில்லியம் வில்லட் என்கிற கட்டட ஒப்பந்தக்காரர். கோடைக்காலத்தில் அதிகாலையில் குதிரைச் சவாரி போகிறவர். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருக்க, வீடுகளில் திரைச்சீலை இழுத்து மூடி ஜனங்கள் உறங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. ஏப்ரலில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது இருபது நிமிடமாகக் கடிகாரத்தை முன்னே தள்ளுவோம், செப்டம்பரில் அதேபோல் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்பது அவர் யோசனை. 1915இல் அவர் இறந்தார். மறு ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனியும் மே மாதம் பிரிட்டனும், போர்க்கால நிலக்கரிச் சிக்கனத்துக்காக, ஒரே அடியாக ஒரு மணி நேரம் தள்ளின.

வில்லட்டின் கோபத்துக்குக் கணக்கு இருக்கிறது. கடிகாரத்தைத் தொடாமல் விட்டால் லண்டனில் ஜூன் மாதச் சூரியன் அதிகாலை 3.43க்கு உதிக்கும், இரவு 8.21க்கு மறையும். ஏழு மணிக்கு எழுகிற மனிதனுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேலான வெளிச்சம் தூக்கத்தில் போகிறது. அதிலிருந்து ஒரு மணியை எடுத்து மாலையில் சேர்த்தால் காலையில் யாருக்கும் நஷ்டமில்லை. விடிந்து இரண்டு மணிக்குப் பிறகுதான் எப்படியும் எழப்போகிறார்கள். டிசம்பரிலோ சூரியன் எட்டு மணிக்குத்தான் உதிக்கிறது. கோடைக் கணக்கை அப்படியே வைத்திருந்தால் விடிவதற்கு ஒன்பது மணி ஆகிவிடும். ஆகவே திருப்பி வைக்கிறார்கள்.

ஆக, இந்த ஏற்பாடு வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, மக்கள் எழுவதற்கு முன்பே கொட்டிக் கிடக்கும் உபரி வெளிச்சம். இரண்டு, அந்த உபரி வருஷத்தில் ஒரு பகுதியில் மட்டும் இருந்து, மறுபகுதியில் இல்லாமல் போவது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இரண்டுமே கிடையாது. பகல் பன்னிரண்டு மணி. மனிதன் விழித்திருப்பது பதினாறு மணி. நாலு மணி நேரத்தை எப்படியும் இருட்டில்தான் கழித்தாக வேண்டும். கடிகாரத்தைத் தள்ளினால் மாலை இருட்டில் கொஞ்சம் காலைக்கு இடம் மாறும், அவ்வளவுதான். பிரேசில் இதற்கு நல்ல சாட்சி. அமேசான் படுகை பூமத்திய ரேகையில் கிடக்கிறது, தெற்கு மாநிலங்கள் மகர ரேகையையும் தாண்டிக் கீழே இருக்கின்றன. 2019இல் கைவிடும் வரை, கோடைகால நேரத்தைத் தெற்கும் தென்கிழக்கும் நடுமேற்கும் பின்பற்றின. அமேசான் பகுதி ஒதுங்கிக்கொண்டது.

மலாயாவில் என்ன நடந்தது என்று இப்போது பார்க்கலாம். 1905இல் சிங்கப்பூர் தன் உள்ளூர்ச் சூரிய நேரத்தைச் சில நிமிடம் திருத்திக்கொண்டு, கிரீன்விச்சைவிட ஏழு மணி முன்னதான நேரத்துக்கு வந்தது. அது இயற்கைக்கு ஒத்த நேரம். சராசரியாகப் பகல் 12.05க்குச் சூரியன் உச்சியில், காலை ஆறு மணியை ஒட்டி உதயம், மாலை ஆறு மணியை ஒட்டி அஸ்தமனம். ஆனால் அலுவலகம் முடித்து டென்னிஸ் மட்டையை எடுக்கிற வெள்ளைக்கார அதிகாரிக்கு இது போதவில்லை. அந்தியும் அங்கே நீடிப்பதில்லை. 1920இல் அரை மணி நேரம் தள்ளலாம் என்று ஒரு பேச்சு எழுந்து அமுங்கிப்போனது. பிறகு சட்டமன்ற உறுப்பினர் சர் அர்னால்ட் ராபின்சன் இருபது நிமிடம் போதும் என்று மறுபடி கிளப்பினார். இம்முறை சட்டம் நிறைவேறியது. 1933 ஜனவரி 1 முதல் மலாயாவின் கடிகாரங்கள் இருபது நிமிடம் முன்னே ஓடின.

தொடங்கிய தேதியைக் கவனியுங்கள். ஜனவரி 1. கோடையின் தொடக்கம் அல்ல, ஏனென்றால் அங்கே கோடை என்று ஒன்று இல்லை. பெயர் என்னவோ பகலொளி சேமிப்புச் சட்டம்தான். ஆனால் முடியும் தேதி என்று ஒன்று அதில் இருக்க முடியவில்லை. ஜனவரியில் இருபது நிமிடம் தள்ளுவதற்கு என்ன நியாயமோ அதே நியாயம் ஜூலையிலும் இருந்தது, அக்டோபரிலும் இருந்தது. திருப்பி வைக்கக் காரணமே வரவில்லை. 1936இல் 'சேமிப்பு' என்கிற அடைமொழி கழன்று, கிரீன்விச்சைவிட 7 மணி 20 நிமிடம் முன்னதான நேரமே மலாயாவின் நிரந்தர நேரம் ஆகிவிட்டது. பருவம் இல்லாத இடத்தில் பகலொளி சேமிப்பு என்று எதைக் கொண்டுவந்தாலும் அது நேர மண்டலத்தை மாற்றுவதாகத்தான் முடியும். என் பார்வையில் இந்த விஷயத்தின் சாரமே இந்த மூன்று வருஷக் கதைதான்.

பால்மரத் தோட்டங்களுக்கு அந்த இருபது நிமிடத்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்த தோட்டங்கள் அவை. விடியும் முன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்கள். வெட்டுக் கோடு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்ததும் மரம் வெட்டப் போவார்கள். இரவெல்லாம் இலைகள் நீரை வெளியே விடாததால் பட்டைக்குள் அழுத்தம் ஏறி நிற்கும், அந்த நேரத்தில் கீறினால்தான் பால் தாராளமாக வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கும், பால் குறையும். மரத்துக்குச் சூரியன்தான் கணக்கு. சங்கு ஊதுகிற நேரத்துக்குக் கடிகாரத்தில் என்ன எண் இருந்தது என்பது பங்களாவில் இருந்த துரையின் கவலை.

மலாயாவுக்குக் கிழக்கே, போர்னியோத் தீவில், இதைவிட விசித்திரமான ஒன்று நடந்தது. புரூக் குடும்பத்து ஆங்கில ராஜாக்கள் ஆண்ட சரவாக்கில், 1935 முதல் 1941 வரை, ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 14 அன்று கடிகாரத்தை இருபது நிமிடம் முன்னே தள்ளி, டிசம்பர் 14 அன்று திருப்பி வைத்தார்கள். தலைநகர் கூச்சிங் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பத்து நிமிடம்தான் மாறும். அப்படியிருக்க, பருவத்துக்கு ஏற்ற நேர மாற்றம் எதற்கு? செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் அப்படி என்ன நிகழ்கிறது?

பகலின் நீளத்தில் எதுவும் நிகழ்வதில்லை. பகல் நாளின் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதில்தான் மாற்றம் வருகிறது.

ஒரு நண்பகலிலிருந்து மறு நண்பகல் வரை சரியாக 24 மணி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கடிகாரத்துக்கு அப்படி. சூரியனுக்கு அப்படி இல்லை. பூமியின் பாதை முழு வட்டம் அல்ல. ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகே வருகிறது, அப்போது வேகமாக ஓடுகிறது. ஜூலைத் தொடக்கத்தில் தூரத்தில் இருக்கிறது, மெதுவாக ஓடுகிறது. இது ஒரு காரணம். நம் அச்சு சாய்ந்திருப்பதால், வானத்தில் சூரியன் நட்சத்திரங்களுக்கு நடுவே கிழக்கே நகரும் வேகமும் மாதத்துக்கு மாதம் கூடிக் குறைகிறது. இது இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்து, டிசம்பர் கடைசியில் ஒரு நண்பகலுக்கும் அடுத்த நண்பகலுக்கும் நடுவே 24 மணியைவிட அரை நிமிடம் கூடிவிடுகிறது. செப்டம்பர் நடுவில் இருபது விநாடி போலக் குறைகிறது. ஒரு நாளில் இது ஒன்றுமில்லை. ஆனால் வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். நவம்பர் முதல் வாரத்தில் சூரியன் கடிகாரத்தைவிடப் பதினாறு நிமிடம் முந்தி நிற்கும். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் பதினான்கு நிமிடம் பிந்தி நிற்கும். இரண்டுக்கும் நடுவே அரை மணி நேர ஊசல்.

இந்த ஊசல் உலகம் முழுக்க உண்டு, சென்னையிலும் உண்டு. நம் ஊரில் மிகத் தாமதமான சூரியோதயம் மார்கழியில் வருவதாகத்தான் தோன்றும். உண்மையில் அது பொங்கலும் முடிந்து, ஜனவரி கடைசி வாரத்தில், 6.36 வாக்கில் வருகிறது. பகல் மிகக் குறுகலாக இருக்கும் டிசம்பர் 21 அன்று சென்னையில் 6.27க்கே விடிந்துவிடும். நம்மிடம் பகல் நீளும் கணக்கும் இந்த ஊசலும் கலந்துவிடுவதால் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. லண்டனில் கோடையும் குளிரும் போடுகிற ஆட்டத்தில் இது கண்ணிலேயே படாது. பூமத்திய ரேகையில் மற்ற ஆட்டம் எல்லாம் அடங்கிப்போவதால் இது மட்டும் தனியே தெரிகிறது.

கூச்சிங்குக்கு வருவோம். அந்தக் காலத்துச் சரவாக் நேரம் கிரீன்விச்சைவிட எட்டு மணி முன்னே. அந்த நேரத்தில், பிப்ரவரி நடுவில் சூரியன் 6.51க்கு உதித்து 6.55க்கு மறையும். ஜூனில் 6.34க்கு உதித்து 6.46க்கு மறையும். நவம்பர் தொடக்கத்தில் 6.20க்கே உதித்து 6.24க்கே மறைந்துவிடும். பிப்ரவரியில் அலுவலகம் விட்டு நடந்து போகும்போது இருக்கிற வெளிச்சம் நவம்பரில் அரை மணி முன்னதாகவே போய்விடுகிறது; அந்த அரை மணி காலையில் தூங்குகிற நேரத்தில் வந்து நிற்கிறது. இருபது நிமிடம் தள்ளினால் நவம்பர் மாலை 6.44 வரை நீளும், ஜூன் மாலைக்குச் சமமாகிவிடும். தேர்ந்தெடுத்த இரண்டு தேதிகளையும் பாருங்கள்: செப்டம்பர் 14, டிசம்பர் 14. இரண்டு நாளிலும் சூரியன் கடிகாரத்தைவிட ஏறக்குறைய ஐந்து நிமிடம்தான் முந்தியிருக்கும். அந்த இரண்டு எல்லைக்கு நடுவேதான் முந்துதல் ஏறி, பதினாறைத் தொட்டு, இறங்குகிறது. தேதி குறித்தவர் பஞ்சாங்க அட்டவணையை முன்னால் வைத்துக்கொண்டுதான் குறித்திருக்க வேண்டும். பெயர் பகலொளி சேமிப்பு. ஆனால் அது சரிசெய்தது பருவத்தை அல்ல, சூரியக் கடிகாரத்தின் தடுமாற்றத்தை.

நேர்த்தியான வேலைதான். ஆனாலும் இருபது நிமிட லாபத்துக்காக ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு நாடே கடிகாரத்தைத் திருப்புவது அதிகப்படி. 1941 டிசம்பரில் ஜப்பானியர் சரவாக்கில் இறங்கியதோடு அந்த ஏற்பாடும் போயிற்று.

மலாயாவில் 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம் சேர்த்து ஏழரை மணி ஆக்கினார்கள். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது. அடுத்து வந்தது தோக்கியோ நேரம், ஒரே தாவலில் ஒன்றரை மணி. பிப்ரவரியில் காலை எட்டேகால் மணிக்குத்தான் சூரியன் எட்டிப்பார்க்கும், இரவு 8.20க்கு மறையும். ஆக்கிரமிப்பு அரசுக்கு வசதி, தலைநகரத் தந்திக்கும் தளபதிக்கும் ஒரே நேரம். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பியதும் பழைய ஏழரைக்குத் திரும்பினார்கள். அதோடு முப்பத்தாறு வருஷம் நிம்மதி.

1982 ஜனவரி 1 மாற்றத்துக்குச் சூரியன் காரணமே இல்லை. தீபகற்ப மலேசியா ஏழரையிலும், போர்னியோவில் இருக்கும் சபாவும் சரவாக்கும் எட்டிலும் ஓடிக்கொண்டிருந்தன. நாட்டுக்கு ஒரே நேரம் வேண்டும் என்று மகாதீர் அரசு தீபகற்பத்தை எட்டுக்கு ஏற்றியது. வாசலைத் தாண்டினால் மலேசியா என்று இருக்கும் சிங்கப்பூர் வேறு நேரத்தில் நிற்க முடியாது, கூடவே நகர்ந்தது.

இதன் விளைவைத் தமிழ்நாட்டிலிருந்து சிங்கப்பூருக்குப் போன் பேசுகிறவர்கள் எல்லாரும் தெரியாமலே அனுபவிக்கிறார்கள். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடிகார வித்தியாசம் இரண்டரை மணி. ஆனால் தீர்க்கரேகைக் கணக்குப்படி சூரியன் சிங்கப்பூர் உச்சியைக் கடந்த 94 நிமிடத்தில் சென்னை உச்சிக்கு வந்துவிடும். மிச்சம் இருக்கும் ஐம்பத்தாறு நிமிடம் அரசு போட்டது. பூமியின் சாய்வுக்கு அதில் பங்கு இல்லை. சிங்கப்பூரில் இன்று சராசரி நண்பகல் ஒரு மணி ஐந்து நிமிடம். பிப்ரவரியில் 7.17 வாக்கில்தான் உதயம். பள்ளி ஏழரைக்குத் தொடங்குவதால் பிள்ளைகள் தெருவிளக்கு வெளிச்சத்தில்தான் பேருந்து ஏறுகிறார்கள். இன்னும் மேற்கே இருக்கும் பினாங்கில் அந்த மாதம் உதயம் ஏழரையைத் தாண்டிவிடும். பதிலுக்கு மாலை ஏழு மணிக்கு மேலும் மைதானத்தில் வெளிச்சம் இருக்கிறது. ராபின்சன் கேட்டது இருபது நிமிடம். அவர் பேரப்பிள்ளை காலத்தில் ஒரு மணி கிடைத்துவிட்டது. நிரந்தரமாக, வருஷம் முழுவதும்.

கடிகாரத்தை நகர்த்தி மின்சாரத்தைச் சேமிக்கலாம் என்ற எண்ணம் 1996இல் இலங்கையைப் பிடித்தது. அந்த ஆண்டு மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களையே நம்பியிருந்த தீவில் நீர்த்தேக்கங்கள் வற்றின, மின்வெட்டு நீண்டது. மே 25 அன்று இலங்கை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, கிரீன்விச்சைவிட ஆறரை மணி முன்னதான நேரத்துக்கு வந்தது. மாலையில் விளக்கு போடுவது தள்ளிப்போகும் என்பது நம்பிக்கை. கொழும்பில் அந்த மாதம் 5.53க்கு உதித்து 6.22க்கு மறைய வேண்டிய சூரியன், 6.53க்கு உதித்து 7.22க்கு மறையலாயிற்று.

மே மாதத்தில் அது தாங்கக்கூடியதாகவே தெரிந்திருக்கும். கொழும்பு ஏழு டிகிரி வடக்கே இருக்கிறது. மே, ஜூனில் பகல் கொஞ்சம் நீளம், சூரியனும் அதிகம் பிந்துவதில்லை. ஆனால் வருஷம் திரும்பத் திரும்ப இரண்டும் எதிர்ப்பக்கம் போகின்றன. அந்த ஆறரை மணி நேரத்தைத் தை மாதம் வரை இழுத்திருந்தால் கொழும்பில் சூரியோதயம் 7.29. அதற்கு வெகுமுன்பே பள்ளிக்குக் கிளம்ப வேண்டிய பிள்ளைகள் இருக்கிற நாடு அது. மாலையில் அணைந்திருந்த விளக்கு விடியற்காலையில் எரியத் தொடங்கினால் மின்சாரக் கணக்கில் என்ன மிச்சமாகும்? லண்டனில் ஜூன் மாதம் இந்தக் கேள்வியே எழாது, காலை ஐந்து மணிக்கே வெயில் இருப்பதால். கொழும்பில் அந்த மெத்தை இல்லை. ஐந்தே மாதத்தில், அக்டோபர் கடைசியில், அரை மணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு ஆறு மணி என்று வைத்தார்கள். மீதி அரை மணி அப்படியே தங்கிவிட்டது. மலாயாவில் நடந்ததுதான் இங்கேயும்: தற்காலிகமாக வந்தது நிலைத்துப்போனது.

ஆனால் தீவு முழுக்க அல்ல. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிப் பகுதி இந்த மாற்றத்தை ஏற்கவே இல்லை. அங்கே பழைய ஐந்தரைதான், இந்திய நேரம்தான். 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 சாலை திறந்தபோது, வவுனியாவிலிருந்து கிளம்பி ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணி பின்னே வைக்க வேண்டியிருந்தது. முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்தால் மறுபடி அரை மணி முன்னே. ஒரே தீர்க்கரேகையில், தெற்கிலிருந்து வடக்கே, ஒரு பகல் பயணத்துக்குள் இரண்டு முறை. அந்தக் காலத்தில் வன்னிக்குள் யாரையாவது ஒரு நேரம் சொல்லிச் சந்திக்க வேண்டுமென்றால், 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்டு வைத்துக்கொள்வது வழக்கம்.

புதிய நேரத்தின்மேல் கொழும்பிலும் முணுமுணுப்பு ஓயவில்லை. விடியற்காலை இருட்டு, பள்ளிப் பிள்ளைகள், நல்ல நேரம் பார்ப்பதில் குழப்பம் என்று பத்து வருஷமாகப் பேசினார்கள். கடைசியில் 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, 15ஆம் தேதி நள்ளிரவு 12.30ஐ 12 ஆக்கி ஐந்தரைக்கே திரும்பினார்கள். அன்றிலிருந்து கொழும்பில் உதயம் ஜூனில் 5.57, ஜனவரிக் கடைசியில் 6.29. ஓமந்தையில் சோதனை அதற்குப் பிறகும் இருந்தது, ஆனால் கடிகாரத்தை மாற்றும் வேலை இல்லை.